கணக்குப் பக்கத்திலிருந்து தொடங்கிய இணையதளம்: மதுரை அன்னதான அறக்கட்டளை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் உள்நோயாளிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். கூட வந்து தங்கியிருப்பவருக்குக் கிடைக்காது. ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் பக்கமிருந்து வந்தவர்கள் வராந்தாவிலும் மரத்தடியிலும் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பார்கள். அவர்களுக்கு மாலைச் சாப்பாடு கொடுப்பதுதான் இந்த அறக்கட்டளையின் ஒரே வேலை. செல்லூரில் வாடகைக்கு ஒரு சமையற்கூடம், இரண்டு சமையல்காரர்கள், ஒரு லோடு ஆட்டோ. நாளொன்றுக்குச் சுமார் 200 பேர் சாப்பிடுகிறார்கள். ஒரு சாப்பாட்டுக்கு 45 ரூபாய் என்று வைத்து, ஒரு நாள் செலவு 9,000 ரூபாய்.

வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்கு தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி ஆகிய பதிவுகள் அவர்களிடம் இருந்தன. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை. நிர்வாக அறங்காவலர் டவுன்ஹால் ரோடு பக்கம் கடை வைத்திருந்தவர். பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிய இந்த இருவரும் ஒரு ரசீதுப் புத்தகமும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்காக இதை நடத்தி வந்தார்கள்.

2024 பிப்ரவரியில் இணையதளம் திட்டமிட்டுத் தரச் சொல்லி என்னை அழைத்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது: நல்ல படங்கள், நாலைந்து கதைகள், தன்னார்வலர் சேர ஒரு படிவம், "நன்கொடை தருக" என்று ஒரு பொத்தான். அதே ஆண்டு மகாளய அமாவாசைக்கு முன்பே தளம் வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஒரு பக்ஷத்தில்தான் அவர்களுக்கு வருமானம் அதிகம்.

திட்டமிடலுக்கு முன் கண்டவை

முகப்புப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டு, முந்தைய ஆண்டின் ரசீதுப் புத்தகங்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, தேதி நோட்டு மூன்றையும் எடுத்துவரச் சொன்னோம். இருக்கிற பழக்கத்தை அப்படியே கணினியில் ஏற்றினால், அதிலுள்ள ஓட்டைகளும் கூடவே ஏறிக்கொள்ளும். ஓட்டை எங்கே என்று முதலில் தெரிய வேண்டும்.

முதல் ஓட்டை கியூ.ஆர். அட்டையில் இருந்தது. அட்டையைக் கடைகளில் ஒட்டியிருந்தார்கள். அதன் வழியாக வந்த பணம் வங்கி அறிக்கையில் ஒரு குறியீட்டோடும் பாதிப் பெயரோடும் நின்றது. கொடுத்தவர் யார், முகவரி என்ன, யாருக்கு ரசீது போட வேண்டும் என்று எதுவும் தெரியாது. இதனால் இரண்டு சிக்கல். அப்போதைய சட்டப்படி, 80ஜி பதிவுள்ள அறக்கட்டளை ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த பிறகு மே 31-க்குள் 10பிடி என்ற படிவத்தில் நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண், தொகை, கொடுத்த வழி ஆகியவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்துதான் 10பிஈ என்ற சான்றிதழ் உருவாகும். அது கையில் இருந்தால்தான் கொடுத்தவர் வரிக் கழிவு கோர முடியும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணமும் உண்டு. கடைத்தெரு வியாபாரிகள் ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது தொலைபேசியில் கேட்பார்கள். பொருளாளர் வங்கி அறிக்கையையும் வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது சிக்கலை அவர்கள் யோசித்ததே இல்லை. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத நன்கொடையைச் சட்டம் அநாமதேய நன்கொடை என்கிறது. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. கியூ.ஆர். அட்டை பரவப் பரவ அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

மற்றோர் ஓட்டை தேதி நோட்டில் இருந்தது. இங்கே அன்னதானத்துக்குக் கொடுக்கிறவர் பெரும்பாலும் ஒரு நாளுக்காகத்தான் கொடுக்கிறார்: அப்பாவின் திதி, பேரன் பிறந்தநாள், கல்யாண நாள். 2023 அக்டோபர் 14, மகாளய அமாவாசை. அன்றைய பக்கத்தில் 11 பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவரும் முழு நாள் செலவான 9,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் "அன்னிக்கு உங்க அன்னதானம்தான்" என்று சொல்லப்பட்டிருந்தது. வந்தது 99,000 ரூபாய். வடை பாயசத்தோடு அன்று செலவானது 13,000-க்குச் சற்று மேல். மீதிப் பணம் எங்கும் போய்விடவில்லை. ஐப்பசி மழையில் நன்கொடை வராத நாட்களில் அதுதான் உலை வைத்தது. ஆனாலும், "உங்கள் பணம் இந்த நாளில் இவர்களுக்குச் சாப்பாடாகிறது" என்று தளத்தில் எழுதினால் அது பொய்யாகிவிடும். வாய்ச்சொல்லாக இருந்தவரை யாரும் கேட்காதது, எழுத்தில் வந்து பக்கத்திலேயே மாதக் கணக்கும் இருந்தால் கூட்டிப் பார்க்கிற முதல் ஆளுக்கே தெரிந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதை இந்த அமாவாசைப் பக்கம்தான் முடிவு செய்தது. கணக்குப் பக்கம் எதைக் காட்டும் என்று முதலில் முடிவாக வேண்டும். அதில் காட்ட முடிந்ததை மட்டும் நன்கொடைப் பக்கம் வாக்குறுதியாகத் தர வேண்டும்.

முதல் முடிவு: மாதக் கணக்குப் பக்கம்

ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் முந்தைய மாதக் கணக்கு ஏறும் என்று வைத்தோம். தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு, பரிமாறிய சாப்பாடுகளின் எண்ணிக்கை, இவ்வளவுதான். மேலே "தணிக்கைக்கு முந்தையது" என்று ஒரு வரி. தணிக்கை அறிக்கை செப்டம்பர் கடைசியில்தான் தயாராகும். அதுவரை ஒன்றும் போடாமல் இருந்தால், ஏப்ரலில் கொடுத்தவர் தன் பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும். தணிக்கையில் ஏதாவது மாறினால் பழைய பக்கத்தைத் திருத்தாமல், அடியில் திருத்தக் குறிப்பு சேர்ப்பது என்றும் எழுதி வைத்தோம்.

செலவுத் தலைப்புகளில்தான் விவாதம் சூடேறியது. அரிசி, மளிகை, காய்கறி, எரிவாயு வரை பிரச்சினை இல்லை. சமையல்காரர் சம்பளம், வாடகை, ஆட்டோ, தணிக்கையாளர் கட்டணம் என்று வந்ததும் நிர்வாக அறங்காவலர் நிறுத்தினார்.

"தம்பி, சம்பளத்துக்குப் போகுதுன்னு போட்டா யாரு குடுப்பா? சோத்துக்குன்னுதான் குடுக்குறாங்க."

"சோறு தானா வேகாதுண்ணே," என்றார் பொருளாளர். "அந்த 45 ரூவாயிலயே சம்பளமும் சேந்துதானே இருக்கு. இன்னைக்கு மறைச்சா நாளைக்கு அரிசி கணக்குல ஏத்தணும். அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சமையல்காரர் சம்பளமும் வண்டியும் சாப்பாட்டின் நேரடிச் செலவு, தணிக்கையும் இணையதளமும் வங்கிக் கட்டணமும் நிர்வாகச் செலவு என்று இரண்டு பகுதியாகக் காட்டுவதென முடிவானது. "100 சதவீதமும் ஏழைகளுக்கே" என்று துண்டறிக்கையில் இருந்த வரியைத் தளத்துக்குக் கொண்டுவரவில்லை.

நன்கொடையாளர் பட்டியலை வெளியிடலாமா என்பதும் பேசப்பட்டது. பெயர் போட்டால் பெருமைதான். ஆனால் யார் எவ்வளவு கொடுக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தால், மறுநாளே பத்து இடத்திலிருந்து அவருக்கு அழைப்பு வரும் என்றார் பொருளாளர். ஆகவே பெயரில்லாமல் ரசீது எண், தேதி, தொகை, வந்த வழி ஆகியவற்றை மட்டும் வரிசையாகப் போட்டோம். கொடுத்தவர் கையில் ரசீது இருக்கிறது. தன் எண் பட்டியலில் இருக்கிறதா, தொகை சரியா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். எண்கள் இடைவெளியின்றித் தொடர்வதால் எந்த ரசீதும் விடுபடவில்லை என்பதையும் யாரும் சரிபார்க்கலாம். ரத்தான ரசீதுக்கும் அதன் எண்ணுக்கு எதிரே "ரத்து" என்றே வரும். ரசீது எண்ணை வைத்துச் சரிபார்க்கும் இந்த ஏற்பாடு, என் பார்வையில், வண்ண வண்ண வட்ட வரைபடங்களைவிட நம்பகமானது. வரைபடத்தில் எதையும் வரைந்துவிட முடியும்.

நன்கொடைப் பாதை

படிவத்தின் முதல் கேள்வி குடியுரிமை பற்றியது. மதுரைக்காரர்களின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவில்லாத அறக்கட்டளை வெளிநாட்டுக் குடிமகனிடமிருந்து பணம் வாங்கக் கூடாது. வெளிநாட்டில் வசித்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதை அந்நிய நன்கொடையாகக் கருதுவதில்லை. ஆகவே "எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்பதில் பயனில்லை. "நீங்கள் இந்தியக் குடிமகனா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் நன்றி சொல்லி, ஏன் வாங்க முடியாது என்று இரண்டு வரியில் விளக்கும் பக்கத்துக்குப் போகும். ஆம் என்று சொல்லி வெளிநாட்டு முகவரி தருகிறவரிடம் கடவுச்சீட்டு நகல் கேட்கப்படும். இணையத்தில் பணம் வாங்கி நம் வங்கிக்கு அனுப்பும் கட்டண நுழைவாயில் நிறுவனத்திடம் சொல்லி வெளிநாட்டு அட்டைகளையும் நிறுத்திவைத்தோம். நீண்ட நாள் நன்கொடையாளர் ஒருவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். "மருமகன் கணக்குக்கு அனுப்பி அவன் தரட்டுமே" என்றார். இடையில் ஒருவர் கை மாறினாலும் அது அந்நிய நன்கொடைதான் என்று பொருளாளர் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு வருத்தம்தான்.

அடுத்தது, "வருமான வரிக் கழிவுச் சான்றிதழ் வேண்டுமா?" என்ற கேள்வி. வேண்டும் என்றால் பான் எண் கட்டாயம், பெயரும் பான் அட்டையில் உள்ளபடியே. வேண்டாம் என்றால் பெயர், முகவரி, கைபேசி எண் மட்டும். எல்லோரிடமும் பான் கேட்டால் பாதிப் பேர் படிவத்தை விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது, 2023-24 முதல் இயல்பான முறையும் அதுதான். அவரிடம் பான் கேட்பதற்குக் காரணமில்லை. முகவரியை மட்டும் யாருக்கும் விட்டுத்தரவில்லை. காரணம் மேலே சொன்ன அநாமதேய நன்கொடை வரி. நூறு ரூபாய்க்கு முகவரியா என்று கேட்டார்கள். நூறு ரூபாய்க்கும் முகவரி கேட்கத்தான் வேண்டும்.

கடைகளில் இருந்த அட்டைகளை மாற்றினோம். புதிய அட்டையிலுள்ள கியூ.ஆர். நேரே வங்கிக் கணக்குக்குப் போகாமல் படிவத்தைத் திறக்கும். படிவம் நிறைந்த பிறகு, அந்த நன்கொடைக்கென்றே ஒரு எண்ணோடு பணம் செலுத்தும் பக்கம் வரும்.

நாள் குறிப்பதை எப்படி அமைப்பது என்பதற்கே அதிக நேரம் எடுத்தோம். இரண்டு வகையாகப் பிரித்தோம். "முழு நாள் அன்னதானம்" 9,000 ரூபாய், ஒரு நாளுக்கு ஒருவர் மட்டும். அந்த நாள் நிறைந்துவிட்டால் நாட்காட்டியில் மூடப்படும். "நினைவு நாள் பங்களிப்பு" எவ்வளவு தொகையாகவும் இருக்கலாம், எத்தனை பேரும் தரலாம். அதில் பொத்தானுக்கு மேலேயே இப்படி எழுதினோம்: "நீங்கள் சொல்லும் நாளில் உங்கள் குடும்பத்தார் பெயர் பந்தலில் உள்ள பலகையில் எழுதப்படும். உங்கள் தொகை உணவு நிதியில் சேர்ந்து, தேவைப்படும் நாளில் செலவாகும்." இரண்டாவது வாக்கியத்தைச் சின்ன எழுத்தில் அடியில் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏற்கவில்லை.

இன்னொரு சங்கடம், திதி. பலருக்கு அப்பா இறந்த ஆங்கிலத் தேதி நினைவிருக்காது. "ஆவணி மாசம், தேய்பிறை தசமி" என்பார்கள். அது ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் வரும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் மட்டும் இருந்தால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆகவே, "திதி அல்லது நட்சத்திரம் சொல்கிறேன், நாளை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வழி வைத்தோம். அப்படி வருவதைப் பொருளாளர் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறித்து, தொலைபேசியில் உறுதி செய்வார். தானாகக் கணக்கிடும் நிரல் எழுதலாம்தான். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கக்காரர்களும் இருக்கிற ஊரில் அதை மனிதரிடம் விடுவதே மேல்.

பணம் செலுத்தும் இடத்தில் எழும் சிக்கல்

யு.பி.ஐ. வழியில் பணம் போனதா இல்லையா என்பது சில சமயம் உடனே தெரியாது. கொடுத்தவர் கணக்கிலிருந்து கழிந்திருக்கும், நுழைவாயில் "நிலுவையில்" என்று காட்டும். பதற்றத்தில் அவர் மறுபடி செலுத்துவார். முழு நாள் அன்னதானத்தில் இது இன்னும் சிக்கல்: அந்த இடைவெளியில் அதே நாளை இன்னொருவர் எடுத்துவிடக்கூடும். ஆகவே படிவம் நிறைந்ததும் அந்த நாள் 20 நிமிடம் நிறுத்திவைக்கப்படும். அதற்குள் உறுதியாகாவிட்டால் திறந்துவிடும். அதன் பிறகு தாமதமாகப் பணம் உறுதியானால், கணினி தானாக எதுவும் முடிவு செய்யாது. தொகை உணவு நிதியில் சேரும், "நாள் முடிவாகவில்லை" என்ற பட்டியலில் பெயர் வரும், பொருளாளர் அழைத்துப் பேசுவார்.

ரசீது எப்போது உருவாக வேண்டும் என்பதும் முக்கியம். பணம் கட்டியதும் உலாவியில் வரும் "நன்றி" பக்கத்தை நம்பி ரசீது போடுகிற தளங்கள் உண்டு. யு.பி.ஐ. செயலிக்குப் போனவர் பலர் திரும்ப உலாவிக்கு வருவதே இல்லை. அப்படியானால் பணம் வந்திருக்கும், ரசீது இருக்காது. ஆகவே நுழைவாயிலின் சர்வர் நம் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பை, அதாவது வெப்ஹூக்கை, கையொப்பம் சரிபார்த்து ஏற்ற பிறகே ரசீது உருவாகும்படி அமைத்தோம். அதே அறிவிப்பு இரண்டு முறை வருவதும் சாதாரணம். அதற்கு இரண்டு ரசீது விழுந்துவிடாமல் தரவுத்தளத்திலேயே தடை வைத்தோம்:

```sql
ALTER TABLE receipts
  ADD CONSTRAINT one_receipt_per_payment UNIQUE (payment_id);
```

வங்கிக்கு வரும் தொகையும் ரசீதுத் தொகையும் ஒன்றாக இருக்காது என்பதையும் பொருளாளருக்கு முன்கூட்டியே காட்டினோம். ஒருவர் கடன் அட்டையில் 1,000 ரூபாய் தருகிறார். நுழைவாயில் கட்டணம் 2 சதவீதம் என்றால் 20 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3 ரூபாய் 60 காசு. வங்கிக்கு வருவது 976 ரூபாய் 40 காசு. அதுவும் இரண்டொரு நாள் கழித்து, வேறு சிலரின் தொகையோடு ஒரே மொத்தமாக வரும். ரசீது 1,000 ரூபாய்க்குத்தான். 23 ரூபாய் 60 காசு நிர்வாகச் செலவில் போகும். இதைக் கணக்கில் பிரித்து எழுதாமல் வங்கிக்கு வந்ததை மட்டும் வரவாக வைத்தால், மாதக் கணக்கின் வரவும் ரசீதுப் பட்டியலின் கூட்டலும் ஒருநாளும் ஒத்துவராது.

கதைகள்

பழைய துண்டறிக்கையில் வரிசையில் நிற்கும் ஒரு பெண்மணியின் படம் இருந்தது. கீழே "பசியால் வாடும் தாய்" என்று எழுதியிருந்தார்கள். தளத்தில் போடுவதற்கு அவரைப் போன்ற இன்னொருவரிடம், தொண்டிப் பக்கமிருந்து கணவரோடு வந்திருந்தவரிடம், உட்கார்ந்து பேசினோம். அவர் சொன்னது எங்கள் வாசகத்தைக் குப்பையில் போட வைத்தது.

"பசின்னெல்லாம் எழுதாதீங்க சார். கடையில வாங்கித் திங்கக் காசு இருக்கு. ஆனா தெனம் ராத்திரிக்கு எழுபது எம்பது போனா, வெளிய எழுதிக் குடுக்குற ஸ்கேனுக்கு எங்க போறது? ஊருக்குப் போயி புள்ளைகளப் பாத்துட்டு வர்ற பஸ் காசு இது."

அறக்கட்டளை தன் வேலையைப் பசி தீர்ப்பதாகவே சொல்லிவந்தது. சாப்பிடுகிறவர்கள் கணக்கில் அது மிச்சமாகும் இரவுச் செலவு. கதைகள் அதற்குப் பிறகு அந்த வழியில் எழுதப்பட்டன: எத்தனை நாள் தங்கினார், எத்தனை மாலை சாப்பிட்டார், மிச்சமான காசு எதற்குப் போனது. "உயிர் காத்தோம்", "வாழ்வு மலர்ந்தது" போன்ற வரிகள் வேண்டாம் என்று ஒரு குறிப்பும் வைத்தோம். சாப்பாடு கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. உயிர் காத்ததற்கு இல்லை.

ஒப்புதல் கேட்கும் முறையையும் மாற்றினோம். தட்டோடு வரிசையில் நிற்பவரிடம் "போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிவு வராது. பரிமாறுகிறவர் கேட்கக் கூடாது, பரிமாறும் நேரத்திலும் கேட்கக் கூடாது. மறுநாள் பகலில் வேறொருவர் போய், தமிழில் உள்ள ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். பின்னால் மனம் மாறினால் எடுத்துவிடச் சொல்ல ஒரு கைபேசி எண் அவரிடம் தரப்படும். நோயின் பெயர், வார்டு எண், ஊரின் பெயர் எதுவும் வராது, மாவட்டம் மட்டும் வரும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. எந்தக் குழந்தை அந்த வரையறைக்குள் வரும் என்று பந்தலில் நின்று பிரித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே குழந்தை முகம் எதுவுமே வேண்டாம் என்று முடித்தோம். கதைகள் குறைந்தன. நிர்வாக அறங்காவலருக்கு இதில் இன்றுவரை முழு உடன்பாடு இல்லை.

தன்னார்வலர் பதிவு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்தவர்கள் நிறைய. எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும்தான் வேண்டும். தேவைப்பட்டது வார நாட்களில் மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை நாலு பேர். பெயரும் ஆர்வமும் கேட்கும் படிவத்துக்குப் பதிலாக, காலியாக உள்ள வேளைகளைக் காட்டி அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி வைத்தோம். ஞாயிறு நிறைந்துவிட்டால் ஞாயிறு தெரியாது. 18 வயதுக்குக் குறைந்தவர் பதிய முடியாது. முதல் முறை வருகிறவர் தனியாகப் பரிமாற மாட்டார், பழையவர் ஒருவரோடு நிற்பார். முந்தைய நாள் மாலை நினைவூட்டல் போகும், வர முடியாவிட்டால் அதிலேயே சொல்லிவிடலாம், அந்த வேளை மறுபடி திறக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மட்டும் தனி விதி: அன்று வடகரையில் வண்டி நுழையாது, ஆளும் கிடைக்காது. சாப்பாடு மதியமே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், ஆட்களும் மருத்துவமனைப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்.

பிறகு நடந்தவை

தளம் 2024 செப்டம்பரில் வெளிவந்தது. அக்டோபர் 2 மகாளய அமாவாசை. முழு நாள் இடம் வெகு முன்பே நிறைந்துவிட்டது, நினைவு நாள் பங்களிப்பில் பலர் தந்தார்கள். முந்தைய ஆண்டு 9,000 தந்தவர்களில் சிலர் இந்த முறை 2,000, 3,000 என்று குறைத்துக்கொண்டார்கள். "எங்க பணம் அன்னிக்கே செலவாகலைன்னா எதுக்கு?" என்று ஒருவர் விலகியும்விட்டார். அந்த நாளின் மொத்த வரவு முந்தைய ஆண்டைவிடக் குறைவு. இதை எதிர்பார்த்தே முடிவெடுத்திருந்தோம். ஈடு செய்தது வேறு நாட்கள்: நாட்காட்டியில் காலியான நாட்கள் கண்ணுக்குத் தெரிந்ததால், யாரும் கேட்காத சாதாரண செவ்வாய், புதன் சில விற்றன.

எதிர்பாராத கேள்வி டிசம்பரில் வந்தது. மாதம் தவறாமல் தரும் ஒருவர் நவம்பர்க் கணக்கில் இறுதி இருப்பு 4 லட்சத்துக்கு மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கையில இருக்கும்போது இன்னும் எதுக்குக் கேக்குறீங்க?" என்று எழுதினார். கேள்வி நியாயமானது. ஒரு மாதச் செலவே 2,70,000 ரூபாய். நன்கொடை குறையும் மாதங்களைத் தாண்ட ஒன்றரை மாதச் செலவாவது இருப்பில் வேண்டும் என்பது பொருளாளர் மனத்தில் இருந்த விதி, எங்கும் எழுதப்படாதது. அறங்காவலர்கள் கூடி அதைத் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். கணக்குப் பக்கத்தில் இறுதி இருப்புக்குக் கீழே "இத்தனை நாள் சமையலுக்குப் போதும்" என்ற வரி வந்தது. 4 லட்சம் என்ற எண் பெரிதாகத் தெரிகிறது. 44 நாள் என்பது அப்படிப் பெரிதாகத் தெரியவில்லை. தொகையையும் நாளையும் சேர்த்துக் காட்டுவதுதான் சரி.

தொலைபேசியில் அழைத்துத் தருகிறவர்களும் அலுவலகத்துக்கு வந்து ரொக்கம் தருகிறவர்களும் குறையவில்லை, பாதிக்கு மேல் இன்னும் அவர்கள்தான். அவர்களுக்கும் அதே படிவத்தைப் பொருளாளர் நிரப்புகிறார், ரசீது எண்ணும் அதே வரிசையில் ஓடுகிறது. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி கழிவு கிடையாது என்று படிவம் அந்த இடத்திலேயே எச்சரிக்கும். 2025 மே மாதம் 10பிடி தாக்கலுக்கான கோப்பு தளத்திலிருந்தே இறங்கியது. பான் இல்லாதது, பெயர் பொருந்தாதது என்று ஒரு சிறு பட்டியலைத் தொலைபேசியில் சரிசெய்தார்கள். செப்டம்பருக்கு முந்தைய மாதங்களின் ரசீதுகளைக் கையால் ஏற்றியதுதான் பெரிய வேலையாக இருந்தது.

மாற்ற வேண்டியவை

மாதாமாதம் தானாகக் கழியும் நன்கொடையை முதல் கட்டத்தில் வைக்கவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறை கழிவதற்கும் 24 மணி நேரம் முன்பே கொடுப்பவருக்கு அறிவிப்பு போகும், அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தப்பட்டதும் தோல்வியடைந்ததும் கணக்கில் எப்படித் தெரியும் என்று முடிவாகாமல் அதைத் திறக்க வேண்டாம் என்றோம். இப்போது ரசீது வரிசை நிலைத்துவிட்டது, அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், ரசீதிலும் உதவிப் பக்கத்திலும் அச்சிட்டிருக்கும் பழைய பிரிவு எண்களையும் தணிக்கையாளரிடம் காட்டி மாற்றியாக வேண்டும். அவற்றை நிரலுக்குள் எழுதாமல் அமைப்புப் பக்கத்தில் வைத்திருந்தால் பொருளாளரே மாற்றிக்கொள்வார்.

பெரிய மாற்றம் பொருளாக வருவதில் வேண்டும். தை அறுவடை முடிந்ததும் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பொருளாகத் தருவதற்கு 80ஜி கழிவு இல்லை என்பதால் திட்டமிடும்போது அதைப் படிவத்துக்கு வெளியே விட்டிருந்தோம். விளைவு பிப்ரவரிக் கணக்கில் தெரிந்தது: அரிசிச் செலவு ஏறக்குறைய இல்லை, செலவைச் சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சாப்பாடு 37 ரூபாய். நன்கொடைப் பக்கம் 45 ரூபாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் அதைக் கேட்டார்கள். இனி வரும் மூட்டைகளுக்கும் தனி வரிசையில் ரசீது எண் உண்டு, கிலோ கணக்கில் வரவாகவும் சமையலுக்கு எடுத்ததைக் கிலோ கணக்கில் செலவாகவும் அதே மாதப் பக்கத்தில் காட்டப்படும், ஒரு சாப்பாட்டின் அடக்கத்தைச் சொல்லும்போது அந்த அரிசியை அன்றைய கொள்முதல் விலையில் சேர்த்துச் சொல்வார்கள். கொள்முதல் விலை என்று எந்த மண்டியின் விலையை எடுப்பது என்பதில் மட்டும் பொருளாளரும் தணிக்கையாளரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.